தார் ஷாம்பு: பத்துக்கு நாலு மார்க்

"நீ போடுற தார் ஷாம்பு பேர் சொல்லுடா, எனக்கும் பொடுகு கொட்டுது" என்று நண்பன் கேட்டான். ஷாம்பு அப்புறம், முதலில் உன் முழங்கையைக் காட்டு என்றேன். சிரித்தான். ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இருப்பது சொரியாசிஸ். முழங்கை முட்டியில் தடித்த திட்டு, ஓரம் கோடு போட்ட மாதிரி தெளிவாக இருக்கும், நகத்தால் லேசாகச் சுரண்டினால் மெழுகுவர்த்தியைச் சுரண்டினது போல வெள்ளித் தூள் உதிரும். அடிச் செதிலையும் பிய்த்தால் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளி புள்ளியாக ரத்தம் வரும் (பிய்க்காதீர்கள், காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு வரலாம்). நம்ம நிறத்துக்கு அது சிவப்பாகவும் தெரியாது, ஊதா கலந்த பழுப்பாகத்தான் இருக்கும், அதனால் நெட்டில் வரும் சிவப்புப் படங்களோடு ஒப்பிட்டால் குழப்பம்தான். தலையிலும் அதே வறண்ட செதில், முடி ஓரத்தைத் தாண்டி நெற்றியில் எட்டிப் பார்க்கும்.

நண்பனுக்கு முழங்கை சுத்தம். புருவத்திலும் மூக்கு ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கிறது. அது பொடுகு முற்றினால் வரும் செபோரிக் டெர்மடைடிஸ் மாதிரி இருக்கிறது. அந்த வியாதி முழங்கைக்குப் பொதுவாக வராது. தலை மட்டும் என்றால் டாக்டருக்கே சில சமயம் பிரிப்பது கஷ்டம், இரண்டும் கலந்தும் வரும். அப்போது அவர்கள் முழங்கை, முழங்கால், நகத்தில் குட்டிக் குழிகள் எல்லாம் பார்ப்பார்கள்.

எண்ணெய்தான் பெரிய வித்தியாசம். எனக்கு ராத்திரி தேங்காயெண்ணெய் ஊறவிட்டால் செதில் இளகி காலையில் சீப்போடு வரும். அவனுக்கு அதே எண்ணெய் மலசீசியா என்கிற பூஞ்சைக்குப் போடும் சாப்பாடு. அவனுக்கு வேண்டியது அந்தப் பூஞ்சையை அடக்கும் 2% கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, நுரையை அஞ்சு நிமிஷம் தலையில் விட்டு அலச வேண்டும், உடனே கழுவினால் காசு வேஸ்ட். நாலு வாரத்தில் அடங்கவில்லை என்றால் தோல் டாக்டர்.

சரி, என் தார் ஷாம்பு. நிலக்கரித் தாரும் சாலிசிலிக் ஆசிடும். செதிலைத் தூக்குகிறது, அரிப்பை அடக்குகிறது, குறையே சொல்ல முடியாது, அந்த நாற்றத்தைத் தவிர. புதுசாகப் போட்ட ரோட்டில் தலையை வைத்துப் படுத்த வாடை! எத்தனை தரம் அலசினாலும் தலையணை உறை பழுப்பு, வீட்டில் என் உறையைத் தனியாகத் துவைக்கிறார்கள். தார் போட்ட தலையோடு வெயிலில் போனால் வேறு எரிகிறது. டாக்டர் கொடுத்த குளோபெட்டாசோல் லோஷன் வாசனையே இல்லாமல் இதைவிட வேகமாகக் கேட்கும், ஆனால் அது பலமான ஸ்டீராய்டு, சில வாரத்துக்கு மேல் அவர் விடுவதில்லை. நிறுத்தினால் திட்டு திரும்புகிறது, நானும் தாருக்கே திரும்புகிறேன்.

பத்துக்கு நாலு மார்க். யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். போன வாரம் விலை குறைந்ததும் மூன்று பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன்.