முழு பென்ஷனா, கம்யூட்டேஷனா: 20,000 ரூபாய்க்கு இன்றைய விலை என்ன?

என் மைத்துனர் மத்திய அரசுப் பணியிலிருந்து 60 வயதில் ஓய்வு பெறுகிறார். பழைய பென்ஷன் திட்டத்தில் வருபவர். கடைசி அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம், ஆகவே பென்ஷன் மாதம் 50,000. பேப்பர்களை நிரப்பும்போது ஒரு கேள்வியில் வந்து நின்றுவிட்டார்: கம்யூட் செய்வதா, வேண்டாமா?

கம்யூட்டேஷன் என்றால் பென்ஷனில் ஒரு பகுதியை மாதாமாதம் வாங்காமல் மொத்தமாக முன்பே வாங்கிக்கொள்வது. மத்திய அரசில் 40% வரை இப்படி மாற்றலாம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு மூன்றில் ஒரு பங்கு வரைதான். 50,000இல் 40% என்றால் 20,000. அதை 12ஆல் பெருக்கி, வயதுக்கு உரிய காரணியால் இன்னொரு தடவை பெருக்க வேண்டும். 60இல் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த பிறந்த நாள் வயது 61, அதற்கான காரணி 8.194. ஆக 20,000 × 12 × 8.194 = 19,66,560 ரூபாய் கையில் வரும். பதிலுக்கு 15 ஆண்டுகள் மாதம் 20,000 குறையும். 15 ஆண்டு முடிந்ததும் முழு பென்ஷன் திரும்பிவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் இரண்டு கணக்கில் ஒன்றைப் போடுகிறார்கள். இரண்டுமே தப்பு.

முதல் கணக்கு, 20,000ஐ 180 மாதங்களால் பெருக்குவது. 36 லட்சம் வருகிறது. "19 லட்சம் கொடுத்துவிட்டு 36 லட்சம் பிடிக்கிறார்கள், அநியாயம்" என்பார்கள். இரண்டாவது கணக்கு, 19.66 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2% வட்டிக்குப் போட்டால் என்ன வரும் என்று பார்ப்பது. மாதத்துக்குச் சுமார் 13,400 வரும். "20,000 போய் 13,400தானே வருகிறது" என்று அதையும் நஷ்டம் என்கிறார்கள். முதல் கணக்கு வட்டியை மறந்துவிட்டது. இரண்டாவது கணக்கு, அசல் அப்படியே கையில் இருப்பதை மறந்துவிட்டது.

சரியான கேள்வி இதுதான்: அடுத்த 180 மாதங்களில் வரவிருக்கும் 20,000களை இன்றைக்கே ஒரு விலைக்கு விற்பதானால் நியாயமான விலை என்ன? இதைத்தான் தற்போதைய மதிப்பு என்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வரும் 20,000க்கு, வட்டி 8% என்று வைத்தால், இன்று 19,868 ரூபாய் மதிப்பு. அத்தனையை இன்று போட்டு வைத்தால் ஒரு மாதத்தில் 20,000 ஆகிவிடும் என்பதுதான் காரணம். பத்து ஆண்டு கழித்து வரும் 20,000க்கு இன்றைய மதிப்பு 9,010தான். 180ஆவது மாதத்து 20,000க்கு வெறும் 6,048. இப்படி 180 மதிப்புகளையும் கூட்டினால் வருவது 20,92,812. கையால் கூட்ட வேண்டியதில்லை. எக்செல் ஒரே வரியில் சொல்லிவிடும்:

```
=PV(0.08/12, 180, -20000)
=RATE(180, -20000, 1966560)*12
```

முதல் வரி, நாம் ஒரு வட்டியைச் சொன்னால் விலையைத் தரும். வட்டியை 7% என்றால் 22.25 லட்சம், 9% என்றால் 19.72 லட்சம், 10% என்றால் 18.61 லட்சம். அரசு கொடுக்கும் 19.66 லட்சம் இதில் 9%க்குப் பக்கத்தில் உட்காருகிறது. இரண்டாவது வரி அதையே தலைகீழாகச் சொல்லும்: விலை 19,66,560 என்றால் வட்டி என்ன? விடை சுமார் 9.05%.

கம்யூட்டேஷன் என்பது அரசிடம் 9.05% வட்டிக்கு 15 ஆண்டு தவணையில் வாங்கும் கடன் மாதிரி. இப்படிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 8.194 என்ற காரணி 8% வட்டியையும் ஆயுள் அட்டவணையையும் சேர்த்துப் போட்டது. அப்படியிருக்க 9% எப்படி வந்தது? இந்தக் கடனில் இன்ஷூரன்ஸ் ஒன்று ஒளிந்திருக்கிறது. பென்ஷன் வாங்குபவர் இடையில் இறந்துவிட்டால் மீதித் தவணைகளை யாரும் கேட்க மாட்டார்கள். குடும்ப பென்ஷனிலும் கை வைக்க மாட்டார்கள். ஆறாவது ஆண்டு முடிவில் அவர் போய்விட்டார் என்றால் பிடித்தது 14.40 லட்சம்தான், மீதி 108 தவணைகள் அதோடு போயிற்று. அப்படிப் போகிறவர்களின் பங்கை இருப்பவர்களிடம் முன்கூட்டியே வாங்குவதால்தான் 8% என்பது 9% ஆகிறது.

இதைப் பணத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 19.66 லட்சத்தை 8.2%இல் போட்டு, இழந்த பென்ஷனுக்கு ஈடாக மாதம் 20,000 எடுத்துக்கொண்டே வந்தால் பணம் 163 மாதத்தில் தீரும். அதாவது 13 வருடம் 7 மாதம். மீதி ஒன்றேகால் வருடத்துக்கும் சற்றே கூடுதலான காலம் துண்டு விழும். இன்றைய மதிப்பில் அந்தத் துண்டு சுமார் ஒரு லட்சம் ரூபாய். இதுதான் இன்ஷூரன்ஸுக்கு நாம் கட்டும் பிரீமியம். 60 வயதுக்காரருக்கு 20 லட்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறையும் பாலிசியை மருத்துவப் பரிசோதனைகூட இல்லாமல் 15 ஆண்டுக்கு மொத்தம் ஒரு லட்சத்தில் தரும் கம்பெனி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பின்னால் யாரும் இல்லாதவருக்கு அந்தப் பாலிசியால் பயன் இல்லை. அவர் கம்யூட் செய்வது, தேவையில்லாத பொருளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது போல.

பென்ஷனர் சங்கங்கள் 15 ஆண்டை 12 ஆக்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்கின்றன. ஐந்தாவது ஊதியக் குழுவும் 12 என்றுதான் பரிந்துரைத்தது, கேரளத்தில் 12 ஆண்டுதான். எக்செல்லில் போட்டுப் பார்த்தால் கோரிக்கையின் கணக்கு விளங்கும். 8% வட்டியில், உயிரோடிருப்பவரிடமிருந்து, கொடுத்த தொகை முழுதாகத் திரும்ப 160 மாதம் ஆகும், அதாவது 13 வருடம் 4 மாதம். வட்டியை 7% என்றால் 12 வருடம் இரண்டரை மாதம். வட்டி இறங்கியிருக்கும் காலத்தில் பழைய 8%ஐ வைத்தே பிடிப்பதால்தான் அவர்களுக்கு வயிறு எரிகிறது. அதில் நியாயம் உண்டு. இறந்தவர்களின் பாக்கியை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் உண்மை.

பணவீக்கம் பற்றி ஒரு வாதம் உண்டு: "அகவிலைப்படி முழு 50,000க்கும்தான் வரும், பிடித்தம் மட்டும் 20,000லேயே நிற்கும், ஆகவே கம்யூட் செய்வதே லாபம்." முதல் பாதி சரி. அகவிலைப்படி கம்யூட் செய்யாத முழு பென்ஷன் மேல்தான் கணக்கிடப்படுகிறது. ஆனால் அது இரண்டு வழியிலும் ஒன்றாகவே வருவதால் ஒப்பீட்டில் கழிந்துவிடும். 20,000 நாளடைவில் மதிப்பு இழப்பதை 8% என்ற வட்டி ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டது, ஏனெனில் அந்த வட்டிக்குள்ளேயே பணவீக்கம் இருக்கிறது. மறுபடியும் அதைச் சேர்ப்பது ஒரே செலவை இரண்டு தடவை எழுதுவது.

அடுத்தது வருமான வரி. அரசு ஊழியருக்குக் கம்யூட்டேஷன் தொகை முழுவதும் வரி விலக்கு, மாத பென்ஷனுக்கு வரி உண்டு. 20% வரம்பில் இருப்பவர், செஸ்ஸும் சேர்த்து, 20,000 பென்ஷனை விட்டுக்கொடுக்கும்போது உண்மையில் இழப்பது 15,840தான். அதை வைத்துப் போட்டால் கடன் வட்டி 5.3% அளவுக்கு இறங்கிவிடும். இதனால்தான் பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு "கம்யூட் பண்ணுப்பா" என்பார்கள். அந்த அறிவுரைக்குக் காலம் மாறிவிட்டது. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, பென்ஷனருக்கு 75,000 நிலைக் கழிவும் உண்டு. என் மைத்துனருக்கு அகவிலைப்படி சேர்த்தாலும் ஆண்டு வருமானம் அந்த வரம்பைத் தொடாது. அவருக்கு வரி லாபம் பூஜ்யம், ஆகவே 9.05% அப்படியே நிற்கிறது. பெரிய பென்ஷன், வாடகை என்று வரம்பைத் தாண்டுகிறவருக்குப் பழைய அறிவுரை இன்னும் பொருந்தும். ஆனால் மொத்தமாக வாங்கிய பணத்தை டெபாசிட்டில் போட்டால் அதன் வட்டிக்கு வரி வரும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, வரி இல்லாதவருக்குக் கேள்வி சுருங்கிவிடுகிறது: இந்தப் பணம் 9%க்கு மேல் வேலை செய்யுமா? பாங்க் டெபாசிட்டில் செய்யாது. சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் சுத்த நஷ்டம். மகனின் தொழிலுக்குப் போனால் என்ன ஆகும் என்று எக்செல்லுக்குத் தெரியாது. அதிக வட்டிக் கடனை அடைத்தால் நிச்சயம் செய்யும்.

மைத்துனருக்கு அப்படி ஒரு கடன் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோனில் இன்னும் 8 லட்சம் பாக்கி, வட்டி 13%, ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை 18,200. கிராஜுவிட்டியை வீட்டு வேலைக்கு ஒதுக்கியாயிற்று. 40% என்பது மேல் வரம்புதான், அதற்குக் குறைவாக எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. 17% மட்டும் கம்யூட் செய்தால் பென்ஷனில் 8,500 குறையும், கையில் 8,35,788 வரும். லோன் அடைந்து மாதத் தவணை நின்றுவிடும். மாதம் 9,700 மிச்சம்.

"60 மாதத் தவணை 10.92 லட்சம். 8,500ஐ 180 மாதம் கட்டினால் 15.30 லட்சம். கூடத்தானே ஆகிறது?" என்றார். மறுபடி பழைய கூட்டல்தான். ஆனால் கேட்டதில் ஒரு உண்மை இருந்தது: லோன் ஐந்தாண்டில் முடியும், பிடித்தம் அதற்கு அப்புறமும் பத்து ஆண்டு ஓடும். ஆகவே அந்த 9,700ஐ ஐந்து ஆண்டு ஆர்.டி. போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தோம். 7% வட்டியில் சுமார் 6.94 லட்சம் சேரும். லோன் அடைத்தது போக மிஞ்சும் 35,000 சொச்சத்தையும் அதோடு போட்டு வைத்தால் 7.45 லட்சம். மீதிப் பத்தாண்டுப் பிடித்தத்தின் அன்றைய மதிப்பு 7.32 லட்சம். முன்கூட்டி அடைப்பதற்குப் பெரிய கட்டணம் கேட்காதவரை கணக்கு சரிக்கட்டுகிறது. 9,700ஐ ஆர்.டி.யில் போடாமல் செலவழித்தால் 65 வயதுக்கு அப்புறம் கை கடிக்கும்.

ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது. தள்ளிப் போட்டால் பரிசோதனை வரும், வயது கூடினால் காரணியும் இறங்கும், 62க்கு 8.093தான். பணம் வந்துவிட்ட பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. மைத்துனர் 17 என்று பென்சிலால் எழுதி, அக்காவிடம் காட்டிவிட்டு, அப்புறம் பேனாவில் எழுதினார்.