மேல்நிலைக் கணக்கும் போனில் இருந்த ஆப்களும்: இரண்டு வருட அனுபவம்

மேல்நிலை வகுப்பின் இரண்டு வருடமும் என் போனில் இரண்டு வகைக் கணக்கு ஆப்கள் இருந்தன. ஒன்று, சமன்பாட்டைத் தட்டினால் வரைபடம் போட்டுக் காட்டுவது. டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டையும் பயன்படுத்தினேன். இன்னொன்று, கணக்கைப் படம் பிடித்தால் விடையை வரி வரியாக எழுதித் தருவது. இந்த இரண்டாவது வகையை எப்படி வைத்துக்கொள்வது என்று பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது.

அதில் விடை பெரும்பாலும் சரியாகத்தான் வரும். படிகளைப் படித்தால் ஒவ்வொன்றும் புரியும். ஆனால் எந்த வழியில் தொடங்குவது என்பதை ஆப்பே முடிவு செய்துவிடுகிறது. தேர்வில் வெள்ளைத்தாளைப் பார்த்ததும் எனக்கு வராமல் போனது அந்த முதல் வரிதான்.

அதைவிட மோசமாக, சரியாகப் போட்ட கணக்கையும் அடித்தேன். sin x cos x-ஐத் தொகையிட்டு (sin²x)/2 + C என்று எழுதியிருந்தேன். ஆப் −(cos²x)/2 + C என்று காட்டியது. என் விடை தப்பு என்று நினைத்துக் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். இரண்டும் சரி என்பது பிறகுதான் தெரிந்தது. C இல்லாமல் இரண்டையும் வரைபட ஆப்பில் போட்டால் ஒரே வடிவ வளைவுகள், எல்லா இடத்திலும் சரியாக 1/2 இடைவெளியில் மேலும் கீழுமாக ஓடுகின்றன. அந்த 1/2-ஐத்தான் C விழுங்கிக்கொள்கிறது. அன்றிலிருந்து தொகையீட்டு விடையை ஆப்போடு ஒப்பிடுவதில்லை. விடையை வகையிட்டுப் பார்க்கிறேன். கேட்ட சார்பு திரும்பி வந்தால் சரி.

வரைபட ஆப்பை நான் நம்பத் தொடங்கியது √(x + 3) = x − 3 என்ற கணக்கில். முதலில் கையால் போட்டேன். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் x + 3 = x² − 6x + 9, அதாவது x² − 7x + 6 = 0. தீர்வுகள் 1, 6. அப்புறம் y = √(x + 3), y = x − 3 என்று இரண்டு வரிகளைத் தட்டினேன். வளைவும் கோடும் (6, 3) என்ற ஒரே இடத்தில்தான் வெட்டின. அப்படியானால் 1 எங்கே போனது?

பிரதியிட்டால் இடப்புறம் √4 = 2, வலப்புறம் −2. ஆக 1 தீர்வு இல்லை. இதைப் பாடத்திலேயே சொல்லியிருப்பார்கள், ஆனால் அந்த 1 எங்கிருந்து வந்தது என்று எனக்குக் காட்டியது மூன்றாவதாகத் தட்டிய y = −√(x + 3). கோடு அந்தக் கீழ்ப்பாதி வளைவை (1, −2)-இல் வெட்டுகிறது. வர்க்கப்படுத்தியதும் 2, −2 என்ற வேறுபாடு அழிந்துபோய், கேட்காத கீழ்ப்பாதியும் சேர்ந்துகொண்டது. இந்தக் கேள்வியை ஆப் எனக்குத் தரவில்லை. தாளில் இரண்டு விடை, திரையில் ஒன்று என்று முரண்பட்டதால்தான் கேட்கத் தோன்றியது. முதலிலேயே திரையைப் பார்த்திருந்தால் 6 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன்.

அதனால் என் வரிசை இதுதான்: கையால் முழுக்கப் போடுவது, பிறகு வரைபடம், படம் பிடிக்கும் ஆப் கடைசியில். 20 நிமிடம் முயன்றும் நகராவிட்டால் அதைத் திறந்து முதல் படியை மட்டும் பார்த்துவிட்டு மூடுவேன். மறுநாள் அதே கணக்கைப் பார்க்காமல் போட வேண்டும். போட முடியாவிட்டால் அது இன்னும் எனக்குத் தெரியாத கணக்கு என்று நோட்டில் குறித்துக்கொள்வேன்.

வரைபடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது திரைக்குள் இருப்பதை மட்டுமே காட்டும். இப்போது படம் போடும் முன் எத்தனை இடத்தில் வெட்டும் என்று ஓர் எண்ணைப் பென்சிலில் எழுதிக்கொள்கிறேன். x² = 2^x கணக்கில் 2 என்று எழுதினேன். y அச்சு 10 வரை தெரிந்த திரையிலும் இரண்டு இடம்தான்: x = 2, அப்புறம் −0.77-க்குப் பக்கத்தில் ஒன்று. சரி என்று மூடப் போனவன், சும்மா x = 3 போட்டேன்: 9, 8. x = 5 போட்டேன்: 25, 32. பெரியது மாறிவிட்டது. திரையை மேலே நகர்த்தினால் (4, 16)-இல் மூன்றாவது புள்ளி.