ராத்திரியே மலையிறங்குவதா, காலை ஸ்கேனுக்குக் காத்திருப்பதா: சினைப்பை முறுக்கின்போது நாங்கள் போட்ட கணக்கு

கோத்தகிரியில் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு காலை ஸ்கேனுக்குக் காத்திருக்கலாம், மேலே ஊட்டிக்குப் போகலாம், இல்லை கீழே கோவைக்கு இறங்கலாம். நாங்கள் இறங்கினோம். இறங்கியது சரி என்று நினைப்பவள் எழுதுவது இது. மூன்றுக்கும் சம இடம் கொடுத்திருப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வலி வந்தது என் தங்கைக்கு, வயது 23. நான் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் ஐந்து மணி நேரத்தை வீணாக்கியதே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. துவைத்த துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு படியேறியவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வலது அடிவயிற்றில் யாரோ பிடித்துத் திருகுவது போல இருக்கிறது என்றாள். பத்து நிமிஷத்தில் வாந்தி, அப்புறம் இன்னொரு தடவை. "வாயுப் பிடிப்புடி, ஓமத் தண்ணி குடு" என்றார் அம்மா. நான் வயிற்றுப் பிடிப்புக்கான மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். ஆறு மணிக்கு வலி நன்றாகக் குறைந்து, கஞ்சிகூடக் குடித்தாள். சரி, அடங்கிவிட்டது என்று நினைத்தேன். எட்டரைக்கு அதே இடத்தில் அதைவிடப் பலமாக வந்தது, மறுபடி வாந்தி.

அந்த இடைவெளிதான் என்னை ஏமாற்றியது. சினைப்பை கருப்பையோடும் இடுப்புச் சுவரோடும் இரண்டு தசைநார்களால் கட்டப்பட்டு, ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. அதில் பெரிய கட்டி ஒன்று இருந்தால் எடை தாங்காமல் சுற்றிக்கொள்ளும், சில சமயம் பாதி அவிழும், மறுபடி சுற்றும். சினைப்பை முறுக்கு என்பது இதுதான். அதனால் வலி விட்டு விட்டு வரலாம். நடுவில் குறைந்தால் ஆபத்து தீர்ந்தது என்று அர்த்தமில்லை. வலியும் வாந்தியும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொடங்குவது இதில் அடிக்கடி பார்ப்பது. குடல்வாலில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, பல மணி நேரம் கழித்துத்தான் வலது பக்கம் இறங்கும். தங்கையால் வலி தொடங்கிய படியைக்கூடக் காட்ட முடிந்தது.

உள்ளூர் மருத்துவமனையில் டூட்டி டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தார். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து, கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தள்ளினார். சிறுநீரில் ரத்தமில்லை, எனவே கல்லாக இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. காய்ச்சல் இல்லை, நாடி 104. "குடல்வாலா இருக்கலாம் சிஸ்டர். ஸ்கேன் எடுக்கிறவர் காலையில ஒன்பதரைக்குத்தான் வருவார்" என்றார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் எடுத்த ஒரு ஸ்கேனில் வலது சினைப்பையில் 6 சென்டிமீட்டர் டெர்மாய்டு கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்கு முறுக்கிக்கொள்ளும் பயம் அதிகம். அதிலும் டெர்மாய்டு முன்வரிசையில் இருக்கும். (பிசிஓடி என்று சொல்லப்படும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் வேறு. அவற்றைப் பெரிய ஒற்றைக் கட்டியோடு குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.)

முதல் வழிக்கு, அதாவது காத்திருப்பதற்கு, நியாயம் இல்லாமல் இல்லை. மலைப்பாதை, பனி, நடுராத்திரி. அம்மா சொன்னதும் அதுதான்: "கல்யாணம் ஆகாத பொண்ணு, ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போய் கத்தி வைக்கணுமா?" நோய் குடல்வாலாக இருந்திருந்தால் டிரிப்பும் ஆண்டிபயாடிக்கும் போட்டுச் சில மணி நேரம் கவனித்திருப்பதும் பல இடங்களில் நடக்கிற வைத்தியம்தான். ஆனால் முறுக்குக்கு மருந்தே கிடையாது. ஆண்டிபயாடிக் அதை அவிழ்க்காது. வலி ஊசி வலியை மட்டும் குறைக்கும். ஊசி போடுவது தப்பில்லை, போடத்தான் வேண்டும். அது வேலை செய்ததைப் பார்த்துவிட்டு நோயும் அடங்கியது என்று படுத்துவிடுவதுதான் தப்பு.

இனி கணக்கு. இந்த விஷயத்தில் எதை முடிவு செய்தாலும் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

முறுக்கும்போது முதலில் நசுங்குவது சிரைகள். அவற்றின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. தமனியின் சுவர் தடித்தது, அது உடனே அடைபடாது. ஆக, ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போக வழி இருக்காது. சினைப்பை வீங்கும். அந்த வீக்கமே தமனியையும் நெருக்கி, கடைசியில் உள்ளே வருவதும் நிற்கும். அதற்கப்புறம் திசு சாகத் தொடங்கும். இத்தனை மணிக்கு எல்லாம் முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது. முறுக்கு எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து மாறும். ஒரு நாளுக்கு மேல் கடந்து பிழைத்த சினைப்பைகளும் உண்டு. ஆனால் முதல் எட்டு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது, ஒரு நாளை நெருங்க நெருங்க அது சரிகிறது.

எங்கள் கதையில் கடிகாரம் மாலை நாலுக்கே ஓடத் தொடங்கிவிட்டது. காத்திருந்தால் காலை ஒன்பதரைக்கு ஸ்கேன், முடிவு கைக்கு வரப் பத்தரை, கோவை போய்ச் சேர மதியம் ஒன்று, பதிவும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து தியேட்டருக்குள் போக மூன்று. மொத்தம் 23 மணி நேரம். இறங்கினால் பத்தேகாலுக்குக் கிளம்பி, மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் ஒரு 35. நடுவில் எதுவும் தடுக்காவிட்டால் பதினோரு மணி நேரக் கணக்கில் மேஜைக்குப் போகலாம். வித்தியாசம் பன்னிரண்டு மணி நேரம். அதை அம்மாவிடம் ஒரு பிரிஸ்கிரிப்ஷன் பின்னால் எழுதிக் காட்டினேன். அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஊட்டி வழியைப் பற்றி நான் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு படியுங்கள். கோத்தகிரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, செலவும் இல்லை. தூரத்தை மட்டும் பார்த்தால் அதுதான் முந்த வேண்டும். இந்த நோய்க்காக நடுராத்திரியில் அங்கே போன அனுபவம் எனக்கு இல்லை. கோவையில் எனக்குத் தெரிந்த மகப்பேறு டாக்டர் போனை எடுத்து, "தியேட்டரையும் மயக்க மருந்து டாக்டரையும் தயார் பண்றேன், வாங்க" என்றார். என்னை அந்தப் பக்கம் சாய்த்தது அந்த ஒரு பதில். ஊட்டியிலிருந்து அதே பதில் கிடைத்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன். போனில் கேட்க வேண்டியது படுக்கை இருக்கிறதா என்பதல்ல. ராத்திரியே ஆபரேஷன் செய்வார்களா என்பது. இல்லையென்றால் கட்டிடம் மட்டும்தான் மாறும், காத்திருப்பது அப்படியே இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கத்தவர்கள் கணக்கு வேறு. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அவர்கள் யோசிக்க வேண்டும்.

கிளம்பும்முன் இரண்டு காரியம் செய்தோம். வாய் வழியாக எதுவும் கொடுப்பதை நிறுத்தினோம், தண்ணீர்கூட. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருப்பது நல்லது. கஞ்சி குடித்தது எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொண்டேன். பழைய ஸ்கேன் தாளை என் பையில் வைத்தேன். குஞ்சப்பனை வளைவுகளில் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியை மெதுவாகத்தான் விட்டார், யானை நிற்கிற இடம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் தங்கை என் கையைப் பிடித்து நெரித்தாள்.

கோவையில் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்கேன். சினைப்பை கட்டியோடு சேர்ந்து 9 சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது, பக்கத்தில் கொஞ்சம் நீர். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்தது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஓட்டம் இருக்கிறதே, முறுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சினைப்பைக்கு ரத்தம் இரண்டு பக்கமிருந்து வருகிறது, ஒன்று வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து, இன்னொன்று கருப்பைத் தமனியிலிருந்து. தமனி கடைசியில்தான் அடைபடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டாப்ளரில் ஓட்டம் இல்லாவிட்டால் சந்தேகம் பலப்படும், இருந்தால் சந்தேகம் தீராது. டாக்டர் தாளைப் பார்த்தார், தங்கையின் வயிற்றைத் தொட்டார், கையெழுத்து கேட்டார். கடைசி உறுதி உள்ளே பார்த்தால்தான் என்றார். இரண்டே முக்காலுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள்.

லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைக் கிழிப்பதா என்பதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வசதி இருந்தால் லேப்ராஸ்கோப்பி, சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு. அது இல்லாத இடத்தில் அதற்காக மணிக்கணக்கில் காத்திருப்பதைவிடக் கிழிப்பதே மேல்.

கையெழுத்துப் படிவத்தில்தான் இன்னொரு தேர்வு இருந்தது. அவிழ்த்துவிட்டு விட்டுவிடுவதா, எடுத்துவிடுவதா? இரண்டரைச் சுற்று முறுக்கியிருந்ததாம், நிறம் மை ஊற்றியது போல. முன்பெல்லாம் அந்த நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். அவிழ்த்தால் ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் நிற்கவில்லை. நிறத்தை வைத்து உயிர் இருக்கிறதா என்று சொல்லவும் முடியாது என்று பின்னால் தெரிந்தது. கறுத்துப் போனவற்றில் நிறைய தேறி, மறுபடி முட்டை உருவாக்குகின்றன. அதனால் சிறு வயதுப் பெண்ணுக்கு அவிழ்த்துவிட்டு விட்டுவைப்பதே இப்போதைய வழி. மாதவிடாய் நின்றவர்களுக்கு அப்படியல்ல. அவர்கள் கட்டியில் புற்றுநோய் இருக்கலாம் என்பதால் எடுப்பதுதான் வழக்கம்.

டாக்டர் அவிழ்த்துவிட்டுக் கால் மணி நேரம் பார்த்திருக்கிறார். நீலம் முழுசாகப் போகவில்லை, இருந்தாலும் விட்டுவைத்தார். கட்டியை அன்றே எடுக்கவில்லை. வீங்கிய திசுவில் கைவைத்தால் நல்ல பாகமும் கூடவே போகும் என்றார். அன்றே எடுப்பவர்களும் உண்டு, எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எங்களுக்கு, கட்டியை எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன் வரை எட்டு வாரம் பயம் மிச்சம் இருந்தது, கட்டி இருக்கும் வரை மறுபடி முறுக்கலாம் அல்லவா. அந்த எட்டு வாரமும் தங்கையை வாளி தூக்க விடவில்லை. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது, என் திருப்திக்குத்தான்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனில் வலது சினைப்பை பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. கட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக நாலைந்து முட்டைப் பைகள் தெரிந்தன. ஸ்கேன் எடுத்தவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்.