கனம் குறைத்தும் போகாத வலி: மூன்று பௌலிங் பந்துகள், நான்கு வருடம்

விரல்களைத் துளைகளில் நுழைத்து உருட்டிவிடும் பௌலிங் பந்தைச் சொந்தமாக வாங்கி நான்கு வருடம் ஆகிறது. நான் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறேன். புதன் இரவு நண்பர்களோடு, ஞாயிறு காலை லீக், வாரத்துக்கு ஏழெட்டு ஆட்டம் தேறும். இதுவரை மூன்று பந்து வாங்கிவிட்டேன். முதல் இரண்டை வாங்கியபோது கனத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். தப்பு கட்டைவிரல் துளையில் இருந்தது என்று தெரியவே ஒன்றரை வருடம் போய்விட்டது.

சொந்தப் பந்து வாங்கும் முன்பு பௌலிங் மையத்தில் கிடக்கும் பொதுப் பந்துகளில் 12 பவுண்டு எடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். அந்தப் பந்துகளில் ஒரு சங்கடம் உண்டு. கனம் கூடக்கூடத் துளையும் பெரிதாக இருக்கும். என்னைப் போல விரல் தடித்தவனுக்கு 10 பவுண்டில் விரல் நுழையாது. விரல் ஒல்லியானவர் 14 எடுத்தால் உள்ளே கடகடவென்று ஆடும். ஆக, பல பேர் கைக்கு ஏற்ற கனத்தை எடுப்பதில்லை, விரல் நுழைகிற கனத்தை எடுக்கிறார்கள்.

சொந்தப் பந்து என்றதும் கூட ஆடுபவர்கள் எல்லாரும் 15 என்றார்கள், நானும் 15. விதிப்படி அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏழே கால் கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்கு 78 கிலோ. அந்தக் கணக்கில் 16-ஐயே தாண்டுகிறது. தோள் எப்படி, மணிக்கட்டு எப்படி என்று அந்தக் கணக்குக்கு எதுவும் தெரியாது.

ஒரு புதன் இரவு, நான்கு ஆட்டம் முடித்த கையோடு கடைக்குப் போய் அளவு கொடுத்துத் துளை போட்டுக்கொண்டேன். எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பித்தது. ஆடிய கட்டைவிரல் வீங்கியிருக்கும். அந்த வீங்கிய விரலுக்குத்தான் துளை அமைந்தது.

ஞாயிறு காலை முதல் இரண்டு ஆட்டத்தில் பந்து கையில் நிற்காது. பின்னால் போன கை முன்னால் வரும்போதே நழுவி, நாம் தாண்டக் கூடாத ஃபவுல் லைனுக்கு முன்பே தொப்பென்று விழும். விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அடுத்ததை இறுக்கிப் பிடிப்பேன். அது விடாமல் இழுத்துக்கொண்டு போய் இடப்பக்கம் பாயும். மூன்றாவது ஆட்டத்தில் எல்லாம் சரியாகிவிடும். "உடம்பு சூடாக வேண்டும்" என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். விரல் வீங்கித் துளையை நிரப்பியதால்தான் சரியானது என்று தோன்றவே இல்லை.

ஆறாவது மாதம் முன்கையில் வலி, கட்டைவிரல் அடியில் வலி, விரல் மூட்டின் வெளிப்பக்கம் தோல் உரிந்து காய்ப்பு. கனம்தான் காரணம் என்று 13 பவுண்டு பந்து வாங்கினேன். கடையில் பழைய அளவுச் சீட்டைப் பார்த்து அதே துளையைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் சுகமாக இருந்தது போலத் தோன்றியது, அப்புறம் அதே வலி. இரண்டு பவுண்டு குறைத்தும் வலி குறையவில்லை என்றால் அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

கண்டுபிடித்தவர் லீக்கில் ஆடும் ஒரு பெரியவர். முன்பு துளை போடும் வேலை பார்த்தவர். பந்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, கையைக் காட்டு" என்றார். மூட்டின் மேலிருந்த காய்ப்பைத் தொட்டு, "உள்ளே விரலை மடக்குறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பந்தைக் கொடுத்துக் கட்டைவிரலை மட்டும் விட்டுச் சுழற்றச் சொன்னார். விரல் சுற்றிலும் லேசாக உரச வேண்டும். எனக்கு நகப்பக்கம் காற்றோடியது. "மடக்காம இதை எப்படிடா பிடிச்சிருப்ப?" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கை ஊஞ்சல் மாதிரி தளர்வாக ஆடி வர வேண்டும். கீழே வரும்போது முதலில் கட்டைவிரல் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு கணம் பந்து நடு இரு விரல்களில் மட்டும் தொங்கும். அந்தக் கணத்தில்தான் அந்த விரல்கள் பந்தைச் சுழற்றிவிடுகின்றன. துளை அளவாக இருந்தால் நீட்டிய கட்டைவிரலின் உரசலே பந்தைத் தாங்கும், பிடிக்க வேண்டியதில்லை. துளை பெரிதாக இருந்தால் விரல் தானாக மடங்கி, கொக்கி போல உள்சுவரில் மாட்டும். கொக்கி கழன்றுகொண்டால் பந்து முன்பே விழும். கழலாவிட்டால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றாக வெளியே வரும். சுழற்சி கிடைக்காது, திசையும் போய்விடும். இறுக்கிப் பிடிக்க முன்கை முழுவதும் விறைத்திருப்பதால் 13 பவுண்டும் 16 போலக் கனக்கும். தளர்ந்த துளைதான் விரலைச் சிக்க வைக்கிறது என்பதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது. சிக்குகிறதே என்று துளையை இன்னும் பெரிதாக்கக் கேட்டு ஒருமுறை கடை வாசல்வரை போயிருக்கிறேன்! நல்லவேளை, அன்று கடை பூட்டியிருந்தது.

அன்றே அவர் பையிலிருந்து பௌலிங் டேப் எடுத்து, நகப்பக்கச் சுவரில், துளை விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று துண்டு ஒட்டினார். நான்காவது ஒட்டியதும் விரல் வெளியே வரும்போது 'பொக்' என்று சத்தம் கேட்டது. அது இறுக்கம் அதிகம் என்று அர்த்தமாம், ஒன்றை உரித்துவிட்டார். அன்று காலை முதல் ஆட்டத்திலேயே பந்து ஒருமுறைகூட நழுவவில்லை. ஆனால் மூன்று டேப் தேவைப்படுகிற துளை தப்பான துளை என்றார். அடுத்த வாரம் வேறொரு கடையில், காலையில், ஆடாத கையோடு அளவு கொடுத்தேன். பழைய துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் உருளையை ஒட்டி, அதில் புதிதாகத் துளைத்தார்கள். வித்தியாசம் அங்குலத்தில் 64-ல் 3 பங்கு, ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட இல்லை.

15 பவுண்டு பந்துக்கும் அப்படியே செய்து பார்த்தேன். கைவலி இல்லை. ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் வேகம் குறைந்தது, விடும்போது வலது தோள் கீழே சரிந்தது, பின்களை அடித்த பந்து பலமில்லாமல் ஒதுங்கியது. இது கனத்தின் கோளாறு. இரண்டையும் நான் இப்போது இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்: களைக்காத கையோடு முதல் ஆட்டத்திலேயே தகராறு செய்தால் துளை, போகப்போகத் தகராறு என்றால் கனம். கடைசியில் 14-ல் நின்றேன். இரண்டரை வருடமாக அதுதான். முன்கை வலி திரும்பவில்லை, மூட்டுக் காய்ப்பு இரண்டு மாதத்தில் உதிர்ந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. காலையில் குளிரூட்டி அறையில் விரல் சுருங்கும், எனவே இரண்டு டேப்போடு தொடங்கி, மூன்றாவது ஆட்டத்தில் ஒன்றை உரிக்கிறேன். அவசரத்தில் உரித்தால் பசை ஒட்டிக்கொண்டு அடுத்த இரண்டு வீச்சு கெடும். 13 பவுண்டுப் பந்தை அண்ணி எடுத்துக்கொண்டார். அவர் விரல் என்னுடையதில் பாதிதான். வருகிற சனிக்கிழமை காலையில் அந்த உருளையை மாற்றக் கூட்டிப் போகிறேன்.