வாராந்திரச் செலவு ஷீட்: சில குறும்படங்களுக்குப் பிறகு

என் போன படம் பட்ஜெட்டைத் தாண்டவிருந்த கதை தெரிந்த நண்பர் ஒருவர், தன் குறும்படத்துக்கும் வாராவாரம் செலவு அறிக்கை போட வேண்டுமா, பில்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதாதா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். சில படங்களாக ஒரே ஷீட்டைத்தான் பயன்படுத்தி வருகிறேன். ஆபத்தான நேரத்தில் அது கைகொடுத்திருக்கிறது. அதே ஷீட் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் எனக்குக் கோபத்தையும் வரவழைத்திருக்கிறது.

ஷீட் புதுசு எதுவும் இல்லை. கேமரா, லைட், குழுச் சம்பளம், லொக்கேஷன் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வரி. B என்ற பத்தியில் பட்ஜெட், C-யில் இதுவரை கொடுத்த பணம், D-யில் தருவதாக ஒப்புக்கொண்டு இன்னும் கொடுக்காதது, E-யில் இனி ஆகப்போகும் செலவு. மிச்சம் இரண்டையும் ஷீட்டே போட்டுக்கொள்ளும்.

```
F5: =C5+D5+E5
G5: =B5-F5
```

F என்பது படம் முடியும்போது அந்தத் தலைப்பு எங்கே போய் நிற்கும் என்ற கணிப்பு. G மைனஸில் போனால் துண்டு விழுகிறது என்று அர்த்தம். பில் கட்டு உங்களுக்கு C-யை மட்டும்தான் சொல்லும். குறும்படத்தில் வாடகைப் பாக்கி, சம்பளப் பாக்கி பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் தீர்க்கப்படும் என்பதால், C எப்போதும் நிலைமையை விட அழகாகவே தெரியும். நண்பர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

உயிர்நாடி E பத்தி. அதை யாராவது தொலைபேசியில் கேட்டு, கையால் எண்ணை அடிக்க வேண்டும். "அடுத்த வாரம் எத்தனை லைட், எத்தனை ஆள், எத்தனை மணி நேரம்?" என்று ஒவ்வொரு பிரிவிடமும் கேட்டால்தான் அந்த எண் வரும். இதற்குச் சோம்பல் பட்டு அந்தக் கட்டத்தில் சூத்திரம் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

```
E5: =B5-C5-D5
```

இப்படிப் போட்டால் F எப்போதும் பட்ஜெட்டுக்குச் சமமாக வரும், G எப்போதும் பூஜ்யமாக இருக்கும். அதாவது ஷீட் எதையுமே கணிக்கவில்லை. யாராவது உங்களிடம் காட்டும் அறிக்கையில் வாராவாரம் எல்லாத் தலைப்பிலும் துண்டே விழவில்லை என்றால், முதலில் E-யில் ஒரு கட்டத்தைச் சொடுக்கிப் பாருங்கள். எண் இருக்கிறதா, சூத்திரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, போன படத்துக்கு வருகிறேன். மொத்த பட்ஜெட்டை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் எதிர்பாராச் செலவுக்கு 8 ஒதுக்கியிருந்தோம், மீதி 92-தான் படத்துக்கு. படப்பிடிப்பு 4 நாள், இரண்டு வார இறுதிகளில். முதல் வார இறுதியில் ஓர் இரவுக் காட்சி நேரம் தாண்டிப் போனது, இரண்டு காட்சிகள் எடுக்காமல் நின்றன. அவற்றுக்காக ஐந்தாவது நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று களத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை கணக்கை மூடும்போது கொடுத்த பணம் 41. பாதிப் படப்பிடிப்பு முடிந்திருக்கிறது, பாதிப் பணம்கூடச் செலவாகவில்லை என்று தயாரிப்பாளர் நிம்மதியாக இருந்தார். ஆனால் ஒப்புக்கொண்டது 27, இனி ஆகப்போவது 39. மூன்றையும் கூட்டினால் 107. 92-ல் முடிய வேண்டியது 15 கூடுதலாக நிற்கிறது. எதிர்பாராச் செலவுக்கு வைத்த 8-ஐ மொத்தமாகக் கொட்டினாலும் 7 துண்டு விழுகிறது. இந்தச் செய்தி திங்கட்கிழமையே கிடைத்தது என்பதற்காக அந்த ஷீட்டை நான் கும்பிடுவேன். காரணம் பின்னால் வருகிறது.

இப்போது எரிச்சலூட்டும் இடம். எதைக் குறைக்கலாம் என்று எல்லோரும் ஷீட்டைச் சுற்றி உட்கார்ந்தால் கண் எங்கே போகும்? இன்னும் யாருக்கும் வாக்குக் கொடுக்காத, ஒரு காசுகூடச் செலவாகாத வரிக்குத்தான். அது எடிட், ஒலி, கலர், இசை அடங்கிய கடைசிக் கட்ட வரி. அதில் 12 முழுசாக E-யில் உட்கார்ந்திருந்தது. ஒலிக்கலைஞரைப் படப்பிடிப்புக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று தயாரிப்பாளர் தள்ளி வைத்திருந்தார். "ஒலிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்ணே, அதுல 7 எடுத்துடுங்க, கணக்கு நேராயிடும்" என்றார் இயக்குநர். எண்கணிதப்படி அவர் சொன்னது சரி. ஷீட்டும் அதையே காட்டுகிறது. எந்தத் துறை பணத்தை முந்தி வாங்கிக்கொண்டதோ அது தப்பித்துவிடும், கடைசியில் வரும் துறை எல்லாருடைய துண்டையும் கட்டும். இந்த அநியாயத்தை ஷீட் ஒவ்வொரு படத்திலும், ஒவ்வொரு வாரமும் எந்தக் கூச்சமும் இல்லாமல் முன்மொழிகிறது.

12-ல் 7 போனால் மிஞ்சுவது 5. அதில் எடிட் மட்டும்தான் முடியும். நேரம் தாண்டிய அந்த இரவுக் காட்சியில் ஜெனரேட்டர் இரைச்சல் வசனத்தோடு கலந்து பதிவாகியிருந்தது, ஹெட்ஃபோனில் கேட்டாலே தெரிந்தது. அதைச் சுத்தம் செய்ய வேண்டும், முடியாவிட்டால் நடிகர்களைக் கூப்பிட்டு டப்பிங் பேச வைக்க வேண்டும். மங்கலான ஒரு ஷாட்டைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் படத்தையே விட்டுவிடுவார்.

அதனால் ஷீட்டை மூடிவிட்டு, 15 எதனால் ஆனது என்று தனித்தாளில் பிரித்தேன். அந்த இரவு நீண்டதால் வந்த கூடுதல் சம்பளமும் வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து 3. அது ஏற்கெனவே போன பணம், என்ன செய்தாலும் திரும்பாது. மீதி 12-ம் ஐந்தாவது நாள்: கேமரா, லைட் 4, குழு 4, லொக்கேஷன் 2, போக்குவரத்தும் சாப்பாடும் 2. இப்படிப் பிரித்ததும் பிரச்சினையின் வடிவம் தெரிந்துவிட்டது. குறும்படத்தில் பெரிய செலவு பொருளில் இல்லை, நாளில் இருக்கிறது. ஒரு லைட்மேனைக் குறைக்கலாம் என்றார் ஒருவர். அதில் மிஞ்சுவது மிகச் சொற்பம், லைட் வைக்க நேரம் கூடி அந்த மிச்சத்தையும் கூடுதல் சம்பளமாகக் கொடுக்க வேண்டி வரும். சாப்பாட்டில் கை வைப்பதும் அப்படித்தான். அந்த ஒரு நாளையே நீக்கினால் நான்கு தலைப்புகளும் ஒன்றாக இறங்கும்.

அந்த நாளை நீக்க வேண்டுமென்றால் திரைக்கதையைத் திறக்க வேண்டும். ஐந்தாவது நாளுக்கு இருந்தவை இரண்டு காட்சிகள்: ஆஸ்பத்திரி நடைவழியில் ஒன்று, மொட்டைமாடியில் அக்கா தங்கை சண்டை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது இல்லையென்றால் பார்ப்பவருக்கு எது தெரியாமல் போகும்? நடைக் காட்சி சொல்வது அப்பா வீடு திரும்பமாட்டார் என்பதை மட்டும். நான்காம் நாள் வீட்டில் எடுக்கவிருந்த போன் காட்சியில் ஒரு வரி சேர்த்தால் அது தெரிந்துவிடும். சண்டை இல்லாமல் படம் நிற்காது. ஆனால் அது மொட்டைமாடியில்தான் நடக்க வேண்டுமா? நான்காம் நாள் சமையலறையில் எப்படியும் லைட் வைக்கப்போகிறோம், சண்டையை அங்கே கொண்டுவரலாம். இயக்குநருக்கு வானம் வேண்டும், மனசே இல்லை. ஒரு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்த ஒரு நாளுக்கும் இடம் இருந்தது, ஏனென்றால் கணக்கு தெரிந்தது திங்கட்கிழமை.

ஆஸ்பத்திரி நடைக்குக் கொடுத்த முன்பணம் 1 திரும்பவில்லை. பல நாள் முன்னதாகவே நாங்கள் சொல்லிவிட்டதால் லைட் வாடகைக்காரர் எதுவும் கேட்கவில்லை. முந்தின நாள் சொல்லியிருந்தால் பாதி வாடகை கட்ட வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆக 12-ல் 11 மிச்சம். நான்காம் நாளில் வேலை கூடுவதால் அங்கே 2 கூடுதலாக வைத்தோம். நிகரமாக 9 குறைந்து, 107 என்பது 98 ஆனது. அந்த 2 முழுசாகவே செலவாயிற்று. இரைச்சலைச் சுத்தம் செய்ய ஒலிக்காரர் 1 கூடுதலாக வாங்கினார். படம் 99-ல் முடிந்தது. சமையலறைச் சண்டை மொட்டைமாடியை விட நன்றாக இருக்கிறதா என்றால், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இயக்குநர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நண்பருக்கு இரண்டு நடைமுறை விஷயங்கள். ஒலி, கலர் ஆட்களைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசி, சிறு முன்பணமாவது கொடுத்து, மீதியை D பத்திக்கு மாற்றிவிடுங்கள். பணம் அதேதான், ஆனால் E-யில் இருக்கும் எண்ணை எல்லாரும் தொடுவார்கள், D-யில் இருப்பதைத் தொட ஒரு மனிதரிடம் போய்ப் பேச்சை மீற வேண்டியிருக்கும். அப்புறம், மேனேஜர் கையில் கொடுக்கும் கைச்செலவுப் பணத்தைக் கொடுத்த அன்றே செலவாக எழுதாதீர்கள். பில் வந்த பிறகு அந்தந்தத் தலைப்பில் எழுதுங்கள், அதுவரை தனி வரியில் நிற்கட்டும். இல்லையென்றால் போக்குவரத்து என்ற ஒரு தலைப்பு காரணமே தெரியாமல் வீங்கிக்கொண்டே போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 4 நாளும் தொடர்ச்சியாக எடுக்கிற படமென்றால் வார அறிக்கை வரும்போது படப்பிடிப்பே முடிந்திருக்கும். அதற்குத் தினமும் படப்பிடிப்பு முடிந்ததும் அன்றைய கூடுதல் நேரத்தையும் எடுக்காமல் விட்ட காட்சிகளையும் எழுதுகிற ஒரு பக்கக் கணக்குத்தான் உதவும். வார இறுதிப் படப்பிடிப்பாக இருந்தாலும், ஒவ்வொரு திங்களும் எல்லாருக்கும் போன் போட்டு E-யை நிரப்ப ஓர் ஆள் இல்லையென்றால் இந்த ஷீட் வேண்டாம், பில் கட்டே போதும். பில் கட்டு குறைந்தபட்சம் பொய் சொல்லாது. நண்பர் படத்துக்கு அப்படி ஓர் ஆள் இன்னும் அமையவில்லை. ஆள் கிடைத்தால் சொல்லட்டும், என் ஷீட்டை எண்களை அழித்துவிட்டு அனுப்பி வைக்கிறேன்.