சேலம் ஜங்ஷன், இரவு ஒரு மணி: ஆட்டோ கணக்கு

ஜங்ஷனிலிருந்து அம்மாபேட்டைக்கு 350 ரூபாய் பேசி ஏறியாயிற்று. வழியில் மருந்துக் கடையில் பத்து நிமிஷம் நின்றதற்கு, இறங்கும்போது தனியாக 100 கேட்டார். "நைட்டுங்க, ரிட்டர்ன் காலியாத்தான் வரணும்" என்றார். அதைத்தானே 350-க்கும் காரணமாகச் சொன்னார்!

சிங்கப்பூரிலும் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை டாக்ஸி மீட்டரில் பாதி கூடும். அதை யாரும் குறை சொல்வதில்லை. எதன் மேல் பாதி என்பது கண்முன் ஓடுகிறது. இங்கே பகல் விலையே தெரியாதபோது இரவு விலை நியாயமா என்று எப்படிச் சொல்வது?

2013-ல் சென்னைக்கு அரசு அறிவித்த ஆட்டோ கட்டணத்தை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. காத்திருப்பு ஐந்து நிமிஷத்துக்கு 3.50. இரவு 11 முதல் காலை 5 வரை பாதி கூடுதல். தூரத்தை எட்டு கிலோமீட்டர் என்று வைத்தால் பகலில் 99.40, இரவில் 149.10. பத்து நிமிஷக் காத்திருப்புக்கு 7 ரூபாய். மொத்தம் 156.10.

அந்த விலைக்கு இன்று வண்டி ஓட்ட முடியாது, உண்மைதான். அப்போது சென்னையில் பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி இருந்தது, இப்போது 100-ஐத் தாண்டிவிட்டது. அதே விகிதத்தில் ஏற்றினாலும் 210 பக்கம்தான் வரும். காலியாகத் திரும்புவதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து 250 கேட்டால் மனசாரக் கொடுக்கலாம். 450 அநியாயம்.

பேசிய விலையில் சண்டை வருவது பெரும்பாலும் பேசாமல் விட்ட காத்திருப்பில்தான். அதனால் ஏறுமுன், "பகல்ல எவ்வளவுங்கண்ணா?" என்று முதலில் கேளுங்கள். அதோடு பாதி கூட்டிப் பார்த்தால் இரவு விலை தெரிந்துவிடும். வழியில் நிற்க வேண்டுமென்றால் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, "எல்லாம் சேர்த்துச் சொல்லுங்க" என்று முடித்துக்கொள்ளுங்கள். போனில் மேப்பைத் திறந்து தூரத்தைக் காட்டிவிட்டால் பாதி பேரம் அங்கேயே தீர்ந்தது. முன்பெல்லாம் ஸ்டாண்டில் தெரிந்த அண்ணன் ஒருவர் இருப்பார், ஊர்ப் பேரைச் சொன்னாலே போதும்.

ஏற்காட்டுக்கு மட்டும் முன்கூட்டிப் பேசுவதே நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டி குடிக்கும் எண்ணெயைக் கிலோமீட்டர் கணக்கு காட்டாது, ஏரிக்கரையில் மணிக்கணக்கில் வேறு நிற்க வேண்டும். டிரைவர் பேட்டா, மலைக் கட்டணம், பார்க்கிங், எத்தனை மணிக்குள் கீழே இறங்கணும், இந்த நாலையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.