ஒரு மணி நேரமா, ஒரு முழு நாளா? சருமத்தின் வகையைக் கண்டுபிடிக்கும் இரண்டு வழிகள்

எந்தப் பொருளும் பூசாமல் நம் சருமம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகளை எல்லோரும் சொல்கிறார்கள். முகத்தைக் கழுவிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்ப்பது முதல் வழி. காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணெய் எப்படி ஏறுகிறது என்று கவனிப்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே முகத்தில் செய்து பார்த்தால் வேறு வேறு பதில் வரலாம்.

என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். கன்னம் இழுத்துப் பிடித்தது, நெற்றியில் பளபளப்பே இல்லை. வறண்ட சருமம் என்று முடிவு கட்டி, கெட்டியான க்ரீம் வாங்கிப் பூசினாள். இரண்டு வாரத்தில் நெற்றி முழுக்கச் சின்னச் சின்னப் பொரிகள்.

தவறு எங்கே என்றால், அந்த இழுப்பு சருமத்தின் குணம் அல்ல, ஃபேஸ்வாஷின் வேலை. அது மேலே இருந்த எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுகிறது. அந்த எண்ணெய் மறுபடி ஊறி முன்பிருந்த அளவுக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் பார்த்தால் பாதி வழியில் பார்த்த மாதிரிதான். நல்ல எண்ணெய்ச் சருமம்கூட அப்போது வறண்டதாகத் தெரியலாம். இந்த வழியில் உருப்படியாகத் தெரிவது ஒன்றுதான்: நீங்கள் போடும் ஃபேஸ்வாஷ் உங்களுக்குக் கடுமையா இல்லையா என்பது.

முழு நாள் வழிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் நான் அதைத்தான் நம்புகிறேன். முந்தின இரவு முகத்தைக் கழுவி, க்ரீம் எதுவும் போடாமல் படுத்துவிடுங்கள். காலையில் ஏழு மணிக்கு வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடையுங்கள். அப்புறம் முகத்தில் கை வைக்கக் கூடாது. சன்ஸ்கிரீனும் கிடையாது என்பதால் வீட்டுக்குள் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது. பத்து, ஒன்று, நான்கு மணிக்கு மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, தாடை, கன்னம் என்று தனித்தனியாகப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள்.

இங்கே பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. தாளை வைத்து ஒற்றினால் எண்ணெயும் போய்விடும். அதே இடத்தில் அடுத்த முறை ஒற்றினால் இடையில் ஊறியது மட்டுமே தெரியும், காலையிலிருந்து சேர்ந்தது தெரியாது. அதனால் பத்து மணிக்கு நெற்றியின் இடது ஓரம், ஒரு மணிக்கு நடு, நான்கு மணிக்கு வலது ஓரம் என்று இடத்தை மாற்றுங்கள். தாளை உடனே பார்க்காதீர்கள், கால் மணி நேரம் வைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வியர்வை காய்ந்து மறைந்துவிடும். எண்ணெய் மட்டும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் கறையாக நிற்கும்.

தங்கையை இப்படி மறுபடி பார்க்கச் சொன்னேன். பத்து மணிக்கு மூக்குத் தாளில் மட்டும் புள்ளிகள். ஒரு மணிக்கு நெற்றியிலும் தாடையிலும் திட்டாகக் கறை. நான்கு மணிக்கும் கன்னத்துத் தாள் காய்ந்தே இருந்தது. ஆக, அவளுடையது கலவைச் சருமம். கன்னத்திலும் கறை தெளிவாக விழுந்திருந்தால் எண்ணெய்ச் சருமம். நான்கு மணிக்கும் நெற்றி காய்ந்து, கன்னம் சொரசொரப்பாக இருந்தால் வறண்டது. மாலையில் நெற்றியில் லேசான கறை மட்டும் வந்து, எங்கும் இழுப்பு இல்லை என்றால் இயல்பான சருமம். மூக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் அங்கே நெருக்கமாக இருப்பதால் அநேகமாக எல்லோருக்கும் கறை விழும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. வெயில் கொளுத்தும் நாளில் எண்ணெய் கூடுதலாக வழியும். மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் பலருக்கு முகம் அதிகம் பளபளக்கும். அதனால் இரண்டு வாரம் விட்டு இன்னொரு நாள் செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்கள் இதைச் செய்து பயனில்லை, அது எண்ணெய்ச் சுரப்பையே வெகுவாகக் குறைத்துவிடும்.

தாளில் எண்ணெய் விழுகிறது, ஆனால் மூக்கின் ஓரத்திலும் புருவத்திலும் சிவந்து செதில் உதிர்கிறது என்றால், அதை வறட்சி என்று நினைத்து க்ரீம் பூச வேண்டாம். அது பெரும்பாலும் பொடுகு வகைத் தோல் அழற்சியாக இருக்கும். தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.